எதிரெதிர்க் குணங்கள் ஈர்க்குமா?

கலகலப்பானவருக்கு அமைதியானவர், செலவாளிக்குச் சிக்கனக்காரர், படபடப்பானவருக்கு நிதானமானவர் என்று எதிரெதிர்க் குணம் கொண்டவர்கள்தான் ஒருவரையொருவர் ஈர்க்கிறார்கள் என்பது பல நாடுகளில் புழங்கும் நம்பிக்கை. அதற்குக் காந்தத்தின் துருவங்களைச் சான்றுக்கு அழைப்பார்கள். அதே ஆட்கள் இன்னொரு நாளில் ‘இனம் இனத்தோடுதான் சேரும்’ என்றும் சொல்வார்கள். இரண்டையும் தயக்கமில்லாமல் சொல்ல முடிவதற்குக் காரணம், இதற்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடப்பதுதான். யார் யாரோடு சேர்கிறார்கள் என்பது ஒன்று. சேர்ந்தபின் யார் நிறைவாக வாழ்கிறார்கள் என்பது இன்னொன்று. அன்றாடப் பழக்கத்தில் ஒருவரின் எந்த நடத்தைக்கு மற்றவரின் எந்த நடத்தை இசைகிறது என்பது மூன்றாவது. ஆய்வுகள் இந்த மூன்றுக்கும் ஒரே விடையைத் தரவில்லை.

எதிர்க் குணக் கருத்துக்கு ஆய்வு வடிவம் கொடுத்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வின்ச். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர் 1950களில் ‘ஒன்றையொன்று நிறைவுசெய்யும் தேவைகள்’ என்ற கோட்பாட்டை முன்வைத்தார். மதம், வர்க்கம், கல்வி, இனம் ஆகியவற்றில் மக்கள் தங்களைப் போன்றவர்களையே மணக்கிறார்கள் என்பதை வின்ச் மறுக்கவில்லை. அன்றே அது தெரிந்த சங்கதி. அந்த வட்டத்துக்குள் நின்றுகொண்டு ஒருவர் குறிப்பிட்ட ஓர் ஆளை ஏன் தேர்ந்தெடுக்கிறார் என்பதுதான் அவர் கேள்வி. தன் உளத்தேவையை நிறைவேற்றக்கூடியவரைத்தான் என்றார். ஆளும் ஆசை உள்ளவருக்கு அடங்கிப்போகும் துணை வேண்டும். பிறரைப் பேணுவதில் இன்பம் காண்பவருக்குப் பேணப்பட விரும்பும் துணை வேண்டும். இதைச் சோதிக்க, மணமாகி அதிக காலம் ஆகாத, குழந்தை இல்லாத 25 தம்பதியரை எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரையும் நீண்ட நேர்காணல் கண்டு, அவரவர் தேவைகளுக்கு மதிப்பெண் இட்டு, கணவன் மதிப்பெண்ணை மனைவியின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார். தம் கோட்பாட்டுக்கு ஆதரவு இருப்பதாக அவருக்குத் தோன்றியது. 1958இல் வெளியான நூலில் தம்பதியரை வகை பிரித்துப் பெயரும் வைத்தார். காக்கும் கணவனும் குழந்தை போன்ற மனைவியும் இருந்தால் நாடக ஆசிரியர் இப்சன் பெயரிலும், ஒதுங்கிய கணவனும் ஓங்கிய மனைவியும் இருந்தால் நகைச்சுவை எழுத்தாளர் தர்பர் பெயரிலும் அந்த வகைகள் அமைந்தன. சுவையான வகைப்பாடு. ஆனால் 25 தம்பதியர் என்பது மிகச் சிறிய அடித்தளம்.

அடுத்து வந்தவர்களால் அந்த முடிவை மீண்டும் பெற முடியவில்லை. 1956இல் பவர்மேன், டே என்ற இருவர் வேறொரு வினாத்தாளைக் கொண்டு, காதலிலும் நிச்சயதார்த்தத்திலும் இருந்த கல்லூரி இணையரைச் சோதித்தபோது, எதிர்மறைப் பொருத்தத்தைவிட ஒப்புமையின் சாயலே அதிகம் தென்பட்டது. 1962இல் கெர்க்கோஃப், டேவிஸ் இருவரும் ஒரு சமரசம் சொன்னார்கள்: பழகத் தொடங்கும் காலத்தில் ஒத்த மதிப்பீடுகள் உறவை நகர்த்துகின்றன, நாளான உறவில் எதிர்த் தேவைகள் வேலை செய்கின்றன என்றார்கள். இன்றும் பாடநூல்களில் இடம்பெறும் கருத்து இது. 1970இல் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அதுவும் கைகூடவில்லை. ஒரு கோட்பாடு கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்பதற்கும் அது உண்மையா என்பதற்கும் உறவில்லை என்பதை உளவியல் மறுபடி கற்றுக்கொண்ட காலம் அது.

எதிர்ப்புறத்தில் ஒப்புமைக்கான சான்று நெடுங்காலமாகக் குவிந்து வந்தது. 1903இல் இலண்டனில் கார்ல் பியர்சனும் ஆலிஸ் லீயும் சுமார் 1,000 கணவன்-மனைவியரின் உயரத்தை அளந்த தரவுகளை ஆராய்ந்தார்கள். உயரமானவர்கள் உயரமானவர்களை மணக்கும் போக்கு, மிதமாக இருந்தாலும், தெளிவாகவே இருந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சேர்ந்த ஆய்வுகளை 2023இல் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தான்யா ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஒருங்கே எடுத்துத் தொகுத்தார்கள். 199 ஆய்வுகள், 22 பண்புகள். அதோடு, பிரிட்டனின் ‘யூகே பயோபேங்க்’ என்ற மருத்துவத் தரவுத் தொகுப்பிலிருந்து ஏறத்தாழ 79,000 ஆண்-பெண் இணையரின் 133 பண்புகளையும் தனியாகப் பார்த்தார்கள். பெரும்பான்மையான பண்புகளில் இணையர் ஒருவருக்கொருவர் ஒத்தவர்களாகவே இருந்தார்கள். அரசியல் கருத்து, மதப் பற்று, கல்வி, குடி, புகைப் பழக்கம் போன்றவற்றில் ஒப்புமை வலுவாக இருந்தது. எதிர்த்திசைப் போக்கு பயோபேங்க் தரவில் மட்டும், விரல்விட்டு எண்ணக்கூடிய சில பண்புகளில் சிறிய அளவில் தென்பட்டது. அதிகாலையில் எழுபவரா, இரவில் விழித்திருப்பவரா என்பது அவற்றில் ஒன்று; கவலைப்படும் சுபாவம் மற்றொன்று; காது மந்தம் இன்னொன்று. காந்த உவமை தேடிய காதல் இவற்றில் எதைக் கொண்டாடும் என்பது தெரியவில்லை.

இத்தகைய ஒப்புமையைப் புள்ளியியலில் ஒட்டுறவுக் கெழு என்ற எண்ணால் குறிப்பார்கள். தொடர்பே இல்லையென்றால் அது 0. முழுதும் ஒத்தால் 1. முழுதும் எதிரென்றால் -1. மேற்சொன்ன தொகுப்பில் அரசியல் மதிப்பீடுகளுக்கு அது 0.58; கலகலப்புக்கு, அதாவது உளவியலார் புறமுகத் தன்மை என்று சொல்லும் குணத்துக்கு, வெறும் 0.08. இந்த எண்களை ஆட்களாக மாற்றினால்தான் விஷயம் பிடிபடும். ஊரில் உள்ள எல்லோரையும் ஒரு குணத்தின்படி வரிசையில் நிறுத்தி, நடுவில் கோடு போட்டு, மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிப்பதாக வைத்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு இணை சேர்த்தாலும் 100 தம்பதியரில் 50 பேர் ஒரே பாதியில் இருப்பார்கள். கெழு 0.58 என்றால் அந்த 50 சுமார் 70 ஆகிறது. 0.08 என்றால் 52, 53க்கு மேல் போவதில்லை. கலகலப்பைப் பொறுத்தவரை இது காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

பழைய நம்பிக்கை ஏன் சாகவில்லை என்பதற்கும் இங்கேதான் விளக்கம் கிடைக்கிறது. 100 தம்பதியரில் 47 பேரிடம் ஒருவர் கலகலப்பான பாதியிலும் மற்றவர் அமைதியான பாதியிலும் இருப்பார்கள். பொறுமை, ஒழுங்கு, படபடப்பு என்று மற்றக் குணங்களிலும் ஒப்புமை குறைவே. எனவே எதிர்க் குணத் தம்பதியர் எல்லாத் தெருவிலும் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களை ஈர்ப்பு ஒன்றுசேர்த்ததாக நினைக்கிறோம். குணம் பார்க்காமல் சேர்ந்ததால் பாதிக்குப் பாதி அப்படி விழுந்திருக்கிறார்கள். மேலும், மதமும் படிப்பும் அரசியலும் ஒத்திருப்பது கண்ணில் படுவதில்லை, ஏனெனில் அது குறித்து வீட்டில் சண்டை வருவதில்லை. கணவன் தன் வேகத்தை ஊராருடையதோடு ஒப்பிடுவதில்லை, மனைவியின் வேகத்தோடுதான் ஒப்பிடுகிறார். கிளம்பும்போது ஐந்து நிமிடம் தாமதமாகும் இருவரில் ஒருவர் பத்து நிமிடம் தாமதித்தால், அந்த வீட்டில் ஒருவர் சுறுசுறுப்பு, மற்றவர் மந்தம் என்று பெயர் நிலைத்துவிடும்.

ஒப்புமை எங்கிருந்து வருகிறது? சேர்ந்து வாழ்ந்து ஒருவர்போல் ஒருவர் ஆகிவிடுகிறார்கள் என்பது இயல்பாகத் தோன்றும் விடை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் புதிதாக மணமான 291 தம்பதியரை ஆராய்ந்து 2004இல் டேவிட் வாட்சன் குழுவினர் வெளியிட்ட முடிவு அதற்கு இடம் தரவில்லை. வயது, மதப் பற்று, அரசியல் போக்கு ஆகியவற்றில் அவர்கள் மணநாளை ஒட்டியே மிக ஒத்தவர்களாக இருந்தார்கள். கல்வியிலும் சொல்லறிவிலும் ஒப்புமை மிதமாக இருந்தது; குணத்தில் மிகக் குறைவு. நெடுநாள் பழகி மணந்தவர்கள், குறுகிய காலம் பழகியவர்களைவிட அதிகம் ஒத்தவர்களாகவும் இல்லை. முகச்சாடைகூட மாறிவிடும் என்ற கதை ஒன்று உண்டு. 1987இல் ராபர்ட் சயான்ஸ் 12 தம்பதியரின் படங்களைக் கொண்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல முகங்கள் ஒத்துப்போவதாகக் காட்டியதிலிருந்து அது பரவியது. 2020இல் 517 தம்பதியரின் படங்களோடு அதைத் திரும்பச் சோதித்தபோது, முகங்களில் ஒப்புமை தொடக்கத்திலேயே இருந்தது, காலத்தால் கூடவில்லை என்று தெரிந்தது. ஆக, ஒப்புமையில் பெரும்பகுதி தேர்வின்போதே வந்துவிடுகிறது. அதற்காக ஒவ்வொருவரும் தன்னைப் போன்றவரைத் தேடி அலைகிறார் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே கல்லூரி, ஒரே அலுவலகம், ஒரே வழிபாட்டிடம் என்று சந்திக்கும் இடங்களே ஆட்களை வடிகட்டி அனுப்புகின்றன. விருப்பம் பாதி, வாய்ப்பு பாதி.

அடுத்த கேள்விக்கு வந்தால் ஒப்புமைக் கட்சிக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒத்தவர்கள் சேர்கிறார்கள் என்பதால் ஒத்தவர்கள்தான் நன்றாக வாழ்கிறார்கள் என்று ஆகிவிடாது. இதை அளப்பதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. பழைய ஆய்வுகள் பலவும் அதில் சிக்கின. கவலைப்படும் சுபாவத்தைப் பத்துக்கு இத்தனை என்று அளப்பதாகக் கொள்வோம். முதல் தம்பதி இருவருக்கும் 8. இரண்டாம் தம்பதி இருவருக்கும் 2. மூன்றாம் தம்பதியில் ஒருவருக்கு 8, மற்றவருக்கு 2. முதல் இரண்டு தம்பதியரும் முழுதாக ஒத்தவர்கள், வித்தியாசம் பூச்சியம். ஆனால் எப்போதும் கவலையில் இருக்கும் இருவர் வாழும் வீட்டில் நிறைவு குறைவாகவும், அமைதியான இருவர் வாழும் வீட்டில் அதிகமாகவும் இருக்கும். மூன்றாம் தம்பதியின் நிறைவு இவை இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், அங்கே ஒப்புமை எந்த வேலையும் செய்யவில்லை; தனித்தனியே ஒவ்வொருவரின் கவலையும் தன் பங்குக்கு நிறைவைக் குறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மக்களில் கடும் கவலைக்காரர்கள் சிலரே என்பதால் சிக்கல் இன்னும் கூடுகிறது. வித்தியாசம் குறைந்த தம்பதியரை எண்ணிப் பார்த்தால் அவர்களில் பெரும்பாலோர் அமைதியான இருவராகவே இருப்பார்கள். எனவே வித்தியாசத்தை மட்டும் கழித்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு ‘ஒத்தவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்’ என்ற முடிவு தானாக வந்து விழும். அந்த மகிழ்ச்சி ஒப்புமையால் வந்ததா, அமைதியால் வந்ததா என்பது அவருக்குத் தெரியாது. ஒருவரின் சொந்தக் குணம், துணையின் குணம், இரண்டுக்கும் இடையிலான ஒப்புமை ஆகிய மூன்றின் பங்கையும் ஒரே கணக்கில் பிரித்தெடுத்தால்தான் விடை கிடைக்கும்.

அந்தக் கணக்கை 2010இல் போட்டவர்கள் டிரென்ஃபோர்த், காஷி, டானலன், லூகாஸ் ஆகிய நால்வர். ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் தேசிய ஆய்வுகளிலிருந்து 11,000க்கும் மேற்பட்ட தம்பதியரின் தரவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஆட்களுக்கு இடையே நிறைவில் காணப்படும் ஏற்றத்தாழ்வில் சுமார் 6 சதவீதத்தை அவரவர் சொந்தக் குணம் விளக்கியது. துணையின் குணம் 1 முதல் 3 சதவீதம். குண ஒப்புமையின் பங்கு அரை சதவீதத்துக்கும் குறைவு. சொந்தக் குணத்தின் பங்கே 6 சதவீதம்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். பணம், உடல்நலம், குழந்தைகள், நடத்தை என்று மீதிக்கு வேறு பல காரணங்கள் உண்டு. இருந்தாலும், தன்னைப் போன்ற ஒருவரைத் தேடுவதைவிடச் சாந்தமான, பொறுப்பான ஒருவரைத் தேடுவது பலன் தரும் என்று இந்த எண்களைப் படிக்கலாம். அவர் சாந்தமாக இருக்க இவரும் சாந்தமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கணக்கில் தெரியவில்லை.

முதல் சந்திப்பில் ஒப்புமை வலுவாக வேலை செய்யும் என்பதும் உண்மைதான். 1961இல் டான் பர்ன் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் கருத்து வினாத்தாள் ஒன்றை நிரப்பச் சொல்லி, பிறகு முன்பின் தெரியாத ஒருவர் நிரப்பியது என்று சொல்லி இன்னொரு தாளைக் காட்டினார். அந்த ஆள் கிடையாது. தாளை நிரப்பியவர் ஆய்வாளரே. எத்தனை விடைகள் ஒத்துப்போகின்றனவோ அந்த அளவுக்கு அந்தக் கற்பனை மனிதரை மாணவர்கள் விரும்பினார்கள். பின்னாளில் 313 ஆய்வுகளை மதிப்பிட்டு மாந்தோயாவும் இருவரும் 2008இல் வெளியிட்ட தொகுப்பு இதன் எல்லையைக் காட்டியது. பழகாதவர்களிடமும் சற்று முன் பழகியவர்களிடமும் உண்மையான ஒப்புமை ஈர்ப்பைக் கூட்டுகிறது. ஏற்கெனவே உறவில் இருப்பவர்களிடம் அந்த விளைவு மறைந்துவிடுகிறது. அங்கே எஞ்சி நிற்பது ‘நாங்கள் ஒத்தவர்கள்’ என்ற எண்ணம் மட்டும். அந்த எண்ணத்துக்கும் நிறைவுக்கும் தொடர்பு வலுவாக இருக்கிறது. எது முன், எது பின் என்பதில்தான் சந்தேகம்: மகிழ்ச்சியாக இருப்பவர்கள் தங்களை ஒத்தவர்களாகக் காண்பதற்கும் சம வாய்ப்பு உண்டு.

எதிர்க் குணக் கருத்துக்கு ஓரளவு நிலைத்த ஆதரவு கிடைத்திருப்பது மூன்றாவது கேள்வியில், அதுவும் ஒரே ஒரு பரிமாணத்தில். மனிதர்கள் பழகும் விதத்தை இரண்டு அச்சுகளில் வைத்துப் பார்ப்பது உளவியலில் ஒரு பழைய முறை. ஓர் அச்சு அன்பிலிருந்து கடுமை வரை செல்கிறது. மற்றது முன்னின்று நடத்துவதிலிருந்து விட்டுக்கொடுப்பது வரை. அன்பு அச்சில் ஒன்று அதைப் போன்ற இன்னொன்றை வரவழைக்கும்: சிரிப்புக்குச் சிரிப்பு, சிடுசிடுப்புக்குச் சிடுசிடுப்பு. நடத்தும் அச்சில் ஒன்று அதன் எதிரை வரவழைக்கும். ஒருவர் ‘இன்றைக்கு இப்படிச் செய்வோம்’ என்று முடிவெடுக்க, மற்றவர் ‘சரி’ என்றால் காரியம் நகரும். இருவரும் முடிவெடுத்தால் தகராறு. இருவரும் ‘உன் இஷ்டம்’ என்றால் மாலை முழுதும் அப்படியே கழியும்.

1997இல் டிரையர், ஹாரோவிட்ஸ் இருவரும் நடத்திய சோதனைகளில், முன்னின்று நடத்தும் சுபாவம் உள்ளவர்கள் விட்டுக்கொடுப்பவர்களோடு பேசியபோதும், விட்டுக்கொடுப்பவர்கள் நடத்துபவர்களோடு பேசியபோதும் கூடுதல் திருப்தி அடைந்தார்கள். அதைவிட ருசிகரமான இன்னொரு செய்தியும் அதில் உண்டு: திருப்தி அடைந்தவர்கள், உண்மையில் தங்களுக்கு எதிரான அந்த ஆளைத் தங்களைப் போன்றவர் என்றே மதிப்பிட்டார்கள். 2007இல் பேட்ரிக் மார்க்கியும் சார்லட் மார்க்கியும் 106 காதல் இணையரிடம் கண்டதும் இதற்கு இசைவானது. அன்பில் ஒத்தும், நடத்துவதில் வேறுபட்டும் இருந்தவர்களிடம் காதலும் இணக்கமும் அதிகம். மணமாகாதவர்களிடம் எப்படிப்பட்ட துணை வேண்டும் என்று கேட்டால், தன்னைப் போன்றவரே வேண்டும் என்கிறார்கள். ஆணே நடத்த வேண்டும், பெண்ணே அடங்க வேண்டும் என்பதற்கு இதைச் சான்றாக்க முடியாது. இந்த ஆய்வு பேசுவது இருவருக்கும் இடையிலான வேறுபாட்டை. வின்ச்சின் கோட்பாட்டில் பிழைத்த துண்டு இது என்று சொல்லலாம். அவர் எல்லாத் தேவைகளுக்கும் சொன்னது ஒன்றுக்குப் பொருந்தியது.

உயிரியலிலிருந்து வந்த ஒரு வாதமும் புகழ்பெற்றது. 1995இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கிளவுஸ் வேடகிண்ட் ஆண்கள் இரண்டு இரவு அணிந்த டீ-ஷர்ட்டுகளைப் பெண்களிடம் முகரக் கொடுத்தார். நோய் எதிர்ப்பு மரபணுக்களில் தங்களிலிருந்து வேறுபட்ட ஆண்களின் வாடையையே பெண்கள் அதிகம் விரும்பினார்கள். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டவர்களிடம் இது தலைகீழானது. உடல் தானாகவே எதிரானவரைத் தேடுகிறது என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. உண்மைத் தம்பதியரின் மரபணுக்களைப் பார்த்தபோது முடிவுகள் முன்னுக்குப்பின் முரணாக வந்தன. அமெரிக்காவின் ஹட்டரைட் என்ற சிறு சமயக் குழுவில் வேறுபாட்டின் சாயல் தெரிந்தது. தென் அமெரிக்கப் பழங்குடிகளிடம் தெரியவில்லை. 2020இல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஒட்டுமொத்த விளைவு ஏதும் மிஞ்சவில்லை.

காலம் என்ற காரணி பெரும்பாலான ஆய்வுகளில் விடுபட்டுப் போகிறது, ஏனெனில் கல்லூரி மாணவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறார்கள். விதிவிலக்கு, மிஷெல் ஷியோட்டாவும் ராபர்ட் லெவன்சனும் 2007இல் வெளியிட்ட ஆய்வு. நாற்பதுகளிலும் அறுபதுகளிலும் இருந்த தம்பதியரை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவு அவர்களிடம் இருந்தது. குணத்தில் அதிகம் ஒத்தவர்களின் மணநிறைவு ஆண்டுகள் போகப்போகக் கூடுதலாகச் சரிந்தது. நடுவயதில் ஒழுங்குணர்வு, கலகலப்பு ஆகிய இரண்டின் ஒப்புமையும் அந்தச் சரிவோடு சேர்ந்து வந்தது. குழந்தை வளர்ப்பும் வேலையும் வீடும் நெருக்கும் வயதில், ஒரே காரியத்தை ஒரே விதமாகச் செய்ய முனையும் இருவர் மோதிக்கொள்வார்கள். வேறுபட்டவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்வார்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் ஊகம். தம்பதியர் எண்ணிக்கை பெரிதல்ல என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்வதற்கில்லை. ஆனால் டிரென்ஃபோர்த் குழுவின் பெரிய கணக்கோடு இது மோதவும் இல்லை. குண ஒப்புமை நன்மை தரும் என்று இரண்டுமே சொல்லவில்லை.

இந்த எண்கள் அனைத்தும் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களிடம், ஆண்-பெண் இணைகளிடம் எடுக்கப்பட்டவை. தமிழகம் போல, பெற்றோர் வரன் பார்க்கும் சமூகங்களில் முதல் வடிகட்டி இன்னும் இறுக்கமானது. இந்தியாவில் சாதி கடந்த திருமணங்கள் சுமார் 5 சதவீதம்தான் என்று 2011-12இன் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு காட்டியது. சாதி, மதம், படிப்பு, வசதி ஆகியவற்றில் இங்கே ஒப்புமை பெரும்பாலும் தற்செயலுக்கு விடப்படுவதில்லை. வரன் பதிவின் முதல் வரிகளே அவைதான். முன்கோபியா, பேச்சுக்காரரா, யார் முடிவெடுப்பார் என்பவை அந்தப் படிவத்தில் இடம்பெறுவதில்லை. தாமாகத் தேர்ந்தெடுக்கும் மேற்கத்தியரும் இதில் பெரிதாக வேறுபட்டுவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் பழகி மணந்த ஐயோவாத் தம்பதியரும் குணத்தில் ஏறத்தாழக் குலுக்கல் முறையில்தான் சேர்ந்திருந்தார்கள்.